வாளியும் ஸ்டாப்வாட்சும் போதும்: ஹோஸ் நாசிலின் அழுத்தத்தையும் தண்ணீர் எட்டும் தூரத்தையும் கணக்கிடுவது

தோட்டத்தின் கடைசி வரிசைச் செடிகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அடைப்போம். தண்ணீர் சீறிக்கொண்டு தூரமாகப் போகும். இன்னும் கொஞ்சம் அடைத்தால் இன்னும் கொஞ்சம் தூரம். ஆனால் ஓர் அளவைத் தாண்டி அடைத்தால் தாரை உடைந்து சாரலாகி, முன்பு எட்டிய இடத்துக்குக்கூட எட்டாது. கடையில் நாசில் வாங்கும்போதும் இதே சிக்கல்தான்: 3 மில்லிமீட்டர் துளை போட்டது நல்லதா, 6 மில்லிமீட்டர் நல்லதா? "சின்னத் துளை என்றால் அழுத்தம் அதிகம், அழுத்தம் அதிகம் என்றால் தூரம் அதிகம்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பாதி தூரம்தான் சரி.

எங்கள் தோட்டத்துக் குழாயை வைத்து இதை முழுவதுமாக அளந்து பார்த்திருக்கிறேன். இதற்கு அழுத்தமானி வேண்டியதில்லை. குழாயடியில் மாட்டும் அழுத்தமானி குழாயடி அழுத்தத்தைத்தான் காட்டும். தண்ணீர் ஓடும்போது ஹோஸ் நெடுக உராய்வில் எவ்வளவு போகிறது, நாசிலுக்கு மிச்சம் எவ்வளவு என்பது அதில் தெரியாது. தூரத்தைத் தீர்மானிப்பதோ அந்த மிச்சம்தான். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது, துளையின் விட்டம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும்.

முதல் எண்ணை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது, நாசில் மாட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும் என்பது. நாசிலைக் கழற்றிவிட்டு வாளியை நிரப்பி, அந்த அளவை நாசிலின் விட்டத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் வரும் அழுத்தம் உண்மையைவிட அதிகமாக இருக்கும்; துளை சின்னது என்றால் குழாயடி அழுத்தத்தையே தாண்டிவிடும். அப்படி ஒரு விடை வந்தால் கணக்கு எங்கே பிசகியது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். நாசிலோடு வாளியில் பிடித்தால் தண்ணீர் தெறிக்கும். அதனால் வாய் குறுகிய பெரிய கேன் ஒன்றில் நாசிலை நுழைத்துப் பிடிப்பேன். நாசில் நுனி தண்ணீருக்குள் ஒரு சாண் மூழ்கினாலும் பாதகமில்லை. அதனால் மாறும் அழுத்தம் ஒரு பாரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். கேனில் போட்டிருக்கும் லிட்டர் கோடுகளை நம்பாமல் காலியாக ஒரு முறை, நிரம்பியபின் ஒரு முறை எடை போடுவது நல்லது. ஒரு கிலோ ஒரு லிட்டர்.

இரண்டாவது எண்ணில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் விட்டத்தில் வரும் பிழை அழுத்தத்தில் நான்கு மடங்காகிறது. 6 மில்லிமீட்டர் துளையை 6.3 என்று எடுத்துக்கொண்டால் பிழை வெறும் 5 சதவீதம். ஆனால் கணக்கில் வரும் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெர்னியர் காலிப்பரின் உள்பக்கத் தாடைகளின் முனை சற்றுத் தட்டையாக இருப்பதால், சின்னத் துளைகளில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். நான் டிரில் பிட்டுகளின் பின்பக்கக் காம்பை வைத்துப் பார்க்கிறேன். 4 மில்லிமீட்டர் காம்பு நுழைகிறது, 4.2 நுழையவில்லை என்றால் விட்டம் அவ்விரண்டுக்கும் நடுவில். அதற்கு மேல் துல்லியம் தேவைப்பட்டதில்லை.

இனி கணக்கு. Q என்பது நிமிடத்துக்கு லிட்டர், d என்பது மில்லிமீட்டரில் துளையின் விட்டம், v என்பது நொடிக்கு மீட்டரில் தாரையின் வேகம், P என்பது நாசிலில் உள்ள அழுத்தம், பாரில்:

```
v = 21.2 × Q ÷ d²
P = v² ÷ 200
```

முதல் வரி, ஓட்டத்தைத் துளையின் பரப்பால் வகுப்பதுதான்; 21.2 என்பது அலகுகளை மாற்றுவதால் வரும் எண். இரண்டாவது வரி, அழுத்தம் முழுவதும் வேகமாக மாறுகிறது என்ற பெர்னூலி விதி. நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் பாயும் தண்ணீருக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு பார் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் பல நேரங்களில் காகிதமே வேண்டாம்.

இதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. உள்ளே புனல்போல் சரிந்து வரும் வழவழப்பான நாசிலில்கூட, முழுத் துளைக்குக் கணக்குப்படி வரவேண்டிய ஓட்டத்தில் சுமார் 95 சதவீதம்தான் வரும். அதனால் P-க்குக் கிடைத்த விடையை 0.9-ஆல் வகுத்துக்கொள்கிறேன். மூடியில் டிரில் போட்டு நாமே செய்த நாசில் என்றால் திருத்தம் மிகப் பெரியது. தட்டையான மூடியில் உள்ள கூர்விளிம்புத் துளையைத் தாண்டியதும் தாரை சுருங்கிவிடும். துளையின் பரப்பில் 62 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர் வரும். இதைச் சேர்க்காமல் கணக்கிட்டால் உண்மையான அழுத்தம் நம் விடையைப்போல் 2.6 மடங்கு இருக்கும். மூடித் துளையில் தண்ணீர் வெளியே வரும் இடத்தைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தாரை துளையைவிட மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

எங்கள் ஹோஸின் உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர். நாசில் இல்லாமல் திறந்துவிட்டால் 10 லிட்டர் நிரம்ப 20 நொடி ஆகிறது, அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர். வழவழப்பான 6 மில்லிமீட்டர் நாசிலை மாட்டினால் அதே 10 லிட்டருக்கு 27 நொடி, நிமிடத்துக்கு 22.2 லிட்டர். வேகம் 21.2 × 22.2 ÷ 36, அதாவது நொடிக்கு 13.1 மீட்டர். அழுத்தம் 0.86 பார், 0.9-ஆல் வகுத்தால் 0.95 பார். இதற்கேற்ற தாரை வேகம் நொடிக்கு 13.8 மீட்டர்.

இந்த விடை சரிதானா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. நாசிலைத் தரைக்கு இணையாக, அரை மீட்டர் உயரத்தில் ஒரு செங்கல் அடுக்கின்மேல் வைத்துவிடுங்கள். ரசமட்டம் வைத்துச் சமன் பார்ப்பது அவசியம். ஒரு டிகிரி மேலே தூக்கினாலே விடை மாறும். அரை மீட்டர் விழத் தண்ணீருக்கு ஆகும் நேரம் 0.32 நொடி. அது எத்தனை மீட்டர் தள்ளி விழுகிறதோ அதை 3.13-ஆல் பெருக்கினால் வேகம் வந்துவிடும். 13.8 மீட்டர் வேகம் என்றால் 4.4 மீட்டரில் விழ வேண்டும். எனக்கு 4.2 மீட்டரை ஒட்டி விழுந்தது. அந்த வித்தியாசம் காற்று பிடித்து இழுப்பது. பறக்கும் தூரம் குறைவு என்பதால் காற்றின் வேலை இங்கே கொஞ்சம்தான். திருகித் திருகி அடைக்கும் நாசில்களில் தண்ணீர் வளைய வடிவ இடுக்கு வழியாக வருவதால் அவற்றின் விட்டத்தை அளக்கவே முடியாது. அவற்றுக்கு இந்தச் சமதள முறைதான் கைகொடுக்கும்: முதலில் வேகத்தைப் பிடித்து, அதிலிருந்து அழுத்தத்துக்கு வரலாம்.

இப்போது தூரம். பள்ளிக்கூடக் கணக்குப்படி 45 டிகிரியில் எறிந்தால் தூரம் v² ÷ 9.8. நம் 6 மில்லிமீட்டர் நாசிலுக்கு இது 19 மீட்டருக்கு மேல் வரும். நிஜத்தில் அதில் பாதியைத் தாண்டினாலே நல்லது. காரணத்தைத் தாரையின் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். நாசிலை விட்டு வரும்போது அது கண்ணாடிக் கம்பிபோல் தெளிவாக இருக்கும். ஒரு சாணுக்குள் மேலே மெல்லிய சுருக்கங்கள் தோன்றும். அப்புறம் வெள்ளையாகி, அப்புறம் மணிமணியாகப் பிரியும். கம்பியாக இருக்கும்வரை காற்று அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மணிகளாகப் பிரிந்ததும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் காற்றோடு மோத வேண்டும். சிறிய துளி, தன் எடைக்கு அதிகப் பரப்பைக் காற்றுக்குக் காட்டுகிறது. சீக்கிரம் வேகம் இழக்கிறது. மெல்லிய தாரையிலிருந்து சிறிய துளிகள்தான் பிறக்கும். அழுத்தம் கூடினால் அவை இன்னும் சிறிதாகவும் இன்னும் முன்னதாகவும் பிரியும்.

ஆக, தூரத்துக்கு அழுத்தமும் வேண்டும், தாரைக்குப் பருமனும் வேண்டும். தெளிப்புநீர்ப் பாசனத்தில் இதற்கு ஒரு நடைமுறைச் சூத்திரம் புழங்குகிறது. R என்பது மீட்டரில் எட்டும் தூரம், h என்பது நாசில் அழுத்தத்தை நீரின் உயரமாகச் சொன்னது (ஒரு பார் என்றால் 10.2 மீட்டர்), d முன்புபோல் துளையின் விட்டம்:

```
R = 1.35 × √(d × h)
```

இது நாசிலைத் தரையிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால் கிடைக்கும் தூரம். காற்றுத் தடை இருக்கும்போது 45 டிகிரியைவிட 30-ஐ ஒட்டிய சாய்வே அதிகத் தூரம் போகும் என்பதைக் கையில் நாசிலை வைத்துக்கொண்டே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 6 மில்லிமீட்டர் நாசிலுக்கு h 9.7 மீட்டர்; R 10.3 மீட்டர். கற்களை வைத்து அடையாளம் போட்டு அளந்தபோது நல்ல கனமாகத் தண்ணீர் விழுந்த இடம் 10 மீட்டருக்குப் பக்கம். ஓரிரு துளிகள் அதற்கு மேலும் ஒரு மீட்டர் சிதறின. எட்டும் தூரம் என்று நான் சொல்வது மண் நனையும் இடத்தை. கடைசித் துளி விழுந்த இடத்தைக் கணக்கில் எடுத்தால் எந்த நாசிலும் நல்ல நாசிலாகத் தெரியும்.

இதுவரை ஒரு நாசிலின் கதை. நாசிலை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் ஹோஸ் எவ்வளவு அழுத்தத்தைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். உராய்வில் போகும் அழுத்தம் ஏறத்தாழ ஓட்டத்தின் இருமடியாக வளர்கிறது. ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. நம்மிடம் ஏற்கெனவே இரண்டு அளவுகள் இருக்கின்றன. திறந்த ஹோஸில் 30 லிட்டர் ஓடும்போது வாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் வெறும் 0.08 பார் (அதே சூத்திரம்தான், d இங்கே 12.5). 6 மில்லிமீட்டர் நாசிலில் 22.2 லிட்டர் ஓடும்போது மிச்சம் 0.95 பார். மூல அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. ஓட்டத்தின் இருமடியை k என்ற மாறாத எண்ணால் பெருக்கினால் இழப்பு வரும் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் இழப்பு k × 900, இரண்டாவதில் k × 493. இரண்டையும் சமப்படுத்தினால் k 0.00214 என்று வருகிறது. மூல அழுத்தம் 2.0 பார். குழாயில் கை வைக்காமலே, வாளியிலிருந்து மூல அழுத்தம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் அளவுப் பிழை சட்டென்று பெரிதாகும் என்பதையும் சொல்ல வேண்டும். 27 நொடிக்குப் பதில் 28 என்று படித்தால் மூல அழுத்தம் 1.7 பாராக இறங்கிவிடும். ஓட்டங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். 4 மில்லிமீட்டர் நாசிலோடு அளந்தால், 46 நொடி ஆகும் இடத்தில் ஒரு நொடிப் பிழை அவ்வளவு ஆட்டிவைக்காது. அதனால் திறந்த ஹோஸ் ஒன்று, குறுகிய நாசில் ஒன்று என்று விலகியிருக்கும் இரண்டு அளவுகளை எடுப்பதே சரி.

2 பாரையும் அந்த k-ஐயும் வைத்து மற்ற நாசில்களுக்குக் கணக்குப் போட்டால் வந்தது இது:

```
8 மி.மீ.   27 லி/நிமிடம்   0.44 பார்    8.1 மீ
6 மி.மீ.   22 லி/நிமிடம்   0.95 பார்   10.3 மீ
5 மி.மீ.   18 லி/நிமிடம்   1.30 பார்   11.0 மீ
4 மி.மீ.   13 லி/நிமிடம்   1.64 பார்   11.0 மீ
3 மி.மீ.    8 லி/நிமிடம்   1.87 பார்   10.2 மீ
```

கட்டைவிரல் சொன்னதை எண்கள் அப்படியே சொல்கின்றன. அழுத்தம் கடைசிவரை ஏறிக்கொண்டே போகிறது. தூரம் 4, 5 மில்லிமீட்டருக்கு நடுவில் உச்சியைத் தொட்டுத் திரும்புகிறது. 3 மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட மூல அழுத்தம் முழுவதும் நாசிலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த மெல்லிய தாரையால் அதைத் தூரமாக மாற்ற முடியவில்லை. தண்ணீரின் அளவையும் பாருங்கள்: 5 மில்லிமீட்டர் நாசில் அதே 11 மீட்டருக்கு 4 மில்லிமீட்டரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. தூரத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை என்றால் நான் 5-ஐத்தான் எடுப்பேன்.

இந்த உச்சி எங்கே வரும் என்பதற்கு ஒரு சுருக்கமான விதி இந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கிறது, இதைத்தான் முக்கியமாகப் பகிர நினைத்தேன். R-க்கான சூத்திரத்தையும் உராய்வு விதியையும் சேர்த்து, எந்த விட்டத்தில் தூரம் மிக அதிகம் என்று பார்த்தால், மூல அழுத்தத்தில் முக்கால் பங்கு நாசிலுக்கு வரும் இடம் என்று விடை வருகிறது. கால் பங்கு ஹோஸில் போகிறது. ஓட்டம் பாதியானால் இழப்பு கால் பங்காகும் அல்லவா? திறந்த ஹோஸில் ஏறத்தாழ முழு அழுத்தமும் இழப்பாகப் போகிறது. எனவே, திறந்த ஹோஸின் ஓட்டத்தில் பாதி ஓட்டம் வரும் நாசில்தான் மிகத் தூரம் எறியும் நாசில். நமக்கு 30 லிட்டர், பாதி 15, அதற்குரிய துளை 4.4 மில்லிமீட்டர். பட்டியலின் உச்சியும் அங்கேதான் இருக்கிறது.

நடைமுறையில் இதற்கு அழுத்தமும் வேண்டாம், விட்டமும் வேண்டாம். திறந்த ஹோஸில் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். நாசிலோடு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆக வேண்டும். ஒன்றரை மடங்குதான் ஆகிறதென்றால் துளை பெரிது, மூன்று மடங்கு ஆகிறதென்றால் துளை சிறிது. உச்சி தட்டையானது என்பதால் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் மடங்கு வரை எங்கே நின்றாலும் தூரம் பெரிதாகக் குறையாது. தண்ணீர் அதிகம் வேண்டுமென்றால் ஒன்றரைப் பக்கம் சாயலாம்.

இந்த விதி மூல அழுத்தம் மாறாமல் நிற்கும் குழாய்க்கு. உயரத்தில் உள்ள தொட்டி என்றாலும் சரிதான். சின்ன மோட்டார் பம்ப் நேரடியாக ஹோஸைத் தள்ளினால், ஓட்டம் குறையும்போது பம்பின் அழுத்தமும் ஏறும்; உச்சி சற்று நகரும். பம்பில் அழுத்த சுவிட்ச் இருந்து அது அணைவதும் எரிவதுமாக இருந்தால் வாளி அளவே நம்பகமாக வராது. நாசிலுக்குச் சற்று முன்னால் ஹோஸ் மடங்கியிருந்தாலோ, துளையின் விளிம்பில் பிசிறு இருந்தாலோ தாரை சுழன்றுகொண்டே வெளிவந்து, கண்ணாடிக் கம்பியாக ஒரு சாண்கூட நிற்காமல் வெள்ளையாகிவிடும். அப்போது சூத்திரம் சொல்லும் தூரம் கிடைக்காது. பிசிறை நீக்கி, கடைசி ஒரு முழம் ஹோஸை நேராகப் பிடித்தாலே தாரை தெளிவதைப் பார்க்கலாம்.

11 மீட்டரைத் தாண்ட வேண்டுமென்றால் நாசிலில் இனித் தேட ஒன்றுமில்லை; ஹோஸைத்தான் மாற்ற வேண்டும். ஒரே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்மாறாகப் போகும். 12.5-லிருந்து 19 மில்லிமீட்டருக்குப் போனால் ஹோஸின் இழப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் குழாயும் இணைப்புகளும் பழையபடியே குறுகலாக இருக்கும் என்பதால் மொத்தம் அவ்வளவு குறையாது. திறந்த ஓட்டம் 50 லிட்டருக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி 25 லிட்டர், நாசிலில் 1.5 பார், துளை 5.7 மில்லிமீட்டர்; தூரம் 12.6 மீட்டர். கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரை மீட்டர்தான், ஆனால் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கு அதிகம்.

பிரஷர் வாஷருக்கு வந்தால் கதை தலைகீழ். அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஹோஸில் 2 பார்தான். வாஷரில் 130 பார் போட்டிருக்கு. அதை வைத்து அந்தக் கடைசி மரத்துக்குத் தண்ணீர் அடிக்கலாமே?" 130 பாருக்குத் தாரை வேகம் நொடிக்கு 160 மீட்டர். பள்ளிக்கூடக் கணக்குப்படி இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்! துளையோ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த வேகத்தில் அவ்வளவு மெல்லிய தாரை சில மீட்டர்களிலேயே புகையாகிவிடும். விசிறி நாசில் என்றால் அதற்கும் முன்பே. மேலே சொன்ன R சூத்திரத்தையும் இங்கே போடக் கூடாது. அது சில பார் அழுத்தமும் சில மில்லிமீட்டர் துளையும் உள்ள பாசன நாசில்களுக்கானது. வாஷருக்குப் போட்டால் ஏறத்தாழ 50 மீட்டர் என்று வாய் கூசாமல் சொல்லும். வாஷர் வேலை செய்வது பரப்பிலிருந்து ஒன்றிரண்டு சாண் தூரத்தில். அந்தத் தூரத்தில் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு வலுவானது என்பதால் விரலை வைத்துச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது.

ஆனால் ஓட்டத்திலிருந்து அழுத்தம் காணும் கணக்கு இங்கேயும் செல்லும், இன்னும் கறாராகவே. வாஷரின் பிஸ்டன் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு தண்ணீரைத் தள்ளுகிறது. ஓட்டத்தை நிர்ணயிப்பது பம்ப். அழுத்தத்தை நிர்ணயிப்பது நாசில். ஹோஸில் துளை மாறினால் ஓட்டமும் சேர்ந்து மாறி அடியைத் தாங்கிக்கொள்ளும். இங்கே ஓட்டம் மாறாது என்பதால் அழுத்தம் துளை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஆடும். துளை பத்து சதவீதம் தேய்ந்து பெரிதானால் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும்.

விட்டத்தை அளக்கவும் தேவையில்லை, நாசிலில் பொறித்திருக்கும் எண் போதும். 25025 என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கம் 25 டிகிரி விசிறி. மிச்சமுள்ள 025 என்பது 2.5 என்ற அளவு. 4000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை அமெரிக்க கேலன் போகும் என்பதே அந்த அளவு. லிட்டருக்கும் பாருக்கும் மாற்றினால், N அந்த அளவாக:

```
P = (Q ÷ (0.228 × N))²
```

நிமிடத்துக்கு 6.5 லிட்டர் தள்ளும் வாஷரில் 2.5 நாசில் என்றால் 130 பார். அதே வாஷரில் 3 அளவு நாசிலைப் போட்டால் 90 பார். 2 அளவைப் போட்டால் கணக்குப்படி 200 பார். உண்மையில் அதற்கு முன்பே பம்பின் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரைத் திருப்பிவிடும், மோட்டார் திணறும் சத்தம் கேட்கும்.

வாஷர் வலுவிழந்துவிட்டது என்று தோன்றும்போது ஓட்டத்தை அளந்தால் பாதி விடை கிடைக்கும். தாரையை வாளியில் அடிக்க வேண்டாம், தெறித்தே வீணாகும். வாஷருக்குத் தண்ணீர் வரும் வழியில் ஒரு நீர்மீட்டர் இருந்தால் ட்ரிகரை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, எத்தனை லிட்டர் ஓடியது என்று அதில் படிக்கலாம். ஓட்டம் 5.5 லிட்டராக இறங்கியிருந்தால் அதே 2.5 நாசிலில் அழுத்தம் 93 பார்தான். அப்போது பார்க்க வேண்டியது உள்ளே வரும் தண்ணீர், நுழைவாய் வடிகட்டி, பம்பின் வால்வுகள், சீல்கள். ஓட்டம் 6.5 சரியாக இருந்து தாரை மட்டும் தளர்ந்திருந்தால் பம்பைப் பிரிக்க வேண்டாம். தேய்ந்த நாசிலில் ஓட்டம் குறையாது, அழுத்தம்தான் விழும். மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. அதே எண் பொறித்த புது நாசிலை மாட்டிப் பாருங்கள். வலு திரும்பிவந்தால் கோளாறு பழைய நாசிலில்தான். சரியாக மூடாமல் நிற்கும் பாதுகாப்பு வால்வைச் சந்தேகிக்க வேண்டியது ஓட்டம் குறைந்திருக்கும்போதுதான். நாசிலைத் தாண்டிப் போக வேண்டிய தண்ணீர் அதன் வழியாகப் பம்புக்கே திரும்பிக்கொண்டிருந்தால், மீட்டரில் காட்டும் ஓட்டமும் குறைந்திருக்கும்.